ஓ/எல் முடித்த பையனுக்கு என்.வி.கியூ 4-ஆ, டிப்ளோமாவா?

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்கா போன வருடம் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். மகன் ஓ/எல் எழுதி முடித்துவிட்டான், ஏ/எல் படிக்கப் பிரியமில்லை, கரண்ட் வேலை பழகி சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்கிறான். பிரசுரத்தில் 'எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் டிப்ளோமா, 8 மாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்னதாக, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம் என்று ஒரு வரி. கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல். "மருதானை டெக்கில் சர்டிபிகேட் தானாம் தருவாங்க, இங்கே டிப்ளோமாவே தர்றாங்க, எது தம்பி பெருசு?" என்று கேட்டார்.

நான் 15 வருடமாக வயரிங் வேலையில் இருக்கிறேன். ஒரு பாஸோடு சேர்ந்து பழகி, அப்புறம்தான் சோதனைக்குப் போய் என் தகைமையை எடுத்தவன். இந்தக் கேள்வியை வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அரைகுறையாகத்தான் போய்ச் சேர்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம்மில் நிறையப் பேர் தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு 'ஐ.டி.ஐ-யா, பாலிடெக்னிக்கா' என்று கேட்கிறோம். அங்கே பத்தாம் வகுப்பு முடித்த பையன் நேராகப் போய் 3 வருட பாலிடெக்னிக் டிப்ளோமாவில் சேரலாம், அல்லது 2 வருடம் ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீஷியன் படிக்கலாம். இரண்டு கதவும் ஒரே வயதில் திறந்திருக்கும். இங்கே அப்படி இல்லை. பாலிடெக்னிக் என்பது நம் அரசாங்கத்தின் தகைமை ஏணியில் ஒரு படியின் பெயரே இல்லை. அந்த மட்டத்துக்குச் சமமாக இங்கே இருப்பவை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் தருகிற தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவான என்.டி.டி, உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் பொறியியல் உயர் தேசிய டிப்ளோமாவான எச்.என்.டி.இ, அப்புறம் என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமையில் 5, 6 ஆகிய தேசிய டிப்ளோமாக்கள். என்.டி.டி-க்கும் எச்.என்.டி.இ-க்கும் ஏ/எல் கேட்பார்கள், என்.டி.டி என்றால் இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனம் எடுத்திருக்க வேண்டும். என்.வி.கியூ 5-க்கு ஏ/எல் வழியாகவும் போகலாம், அதே துறையில் கீழே உள்ள என்.வி.கியூ தகைமையோடும் போகலாம். ஆக ஓ/எல் மட்டும் கையில் உள்ள பையனுக்கு உண்மையான டிப்ளோமா எதுவும் இன்றைக்கே திறந்திருக்கிற கதவு கிடையாது. 'ஓ/எல் முடித்ததும் டிப்ளோமா' என்று யாராவது விற்றால், அந்தச் சொல்லுக்கு அவர் கொடுக்கிற அர்த்தம் வேறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய தொழிற்தகைமைக்கு 7 மட்டங்கள். 1 தொடக்கம். 2, 3, 4 மூன்றும் கைத்தொழில் சான்றிதழ்கள். 2-ல் உள்ளவர் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்லச் செய்வார், 4-க்கு வரும்போது வேலையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம், தானே திட்டமிட்டு முடித்து, சோதித்து, ஒப்படைப்பார். 5-உம் 6-உம் டிப்ளோமாக்கள், 7 பட்டம். பட்டத்துக்கென்றே 2008-ம் ஆண்டின் 31-ம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (யுனிவோடெக்) வந்தது. இதையெல்லாம் மேலே இருந்து ஒழுங்குபடுத்துவதுதான் அந்த ஆணைக்குழு, 1990-ம் ஆண்டின் 20-ம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது.

இப்போது அந்தப் பிரசுரத்தின் சின்ன வரிக்கு வருகிறேன், பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். ஆணைக்குழு இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, பயிற்சி நிறுவனத்தைப் பதிவு செய்வது. தொழிற்பயிற்சி நடத்துகிற எவரும் பதிவு செய்யத்தான் வேண்டும், அது சட்டம். மற்றது, அந்த நிறுவனம் நடத்துகிற ஒவ்வொரு பாடநெறியையும் தனித்தனியாகப் பார்த்து, பட்டறை, கருவிகள், போதனாசிரியர், பாடத்திட்டம் எல்லாம் தேசியத் தரத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து அங்கீகாரம் கொடுப்பது. பதிவு நிறுவனத்துக்கு, அங்கீகாரம் பாடநெறிக்கு. நிறுவனம் பதிவாகியிருந்தும் நீங்கள் சேரப்போகும் பாடநெறி அங்கீகாரம் பெறாமல் இருக்கலாம், அப்படியான இடத்தில் படித்தால் கிடைப்பது அந்த நிறுவனம் தானே அச்சடித்த தாள். அதில் டிப்ளோமா என்றும் எழுதலாம், அட்வான்ஸ்ட் டிப்ளோமா என்றும் எழுதலாம். ஆனால் அதைக் கொண்டுபோய் என்.வி.கியூ 5-க்கு விண்ணப்பிக்க முடியாது.

அக்காவோடு உட்கார்ந்து அன்றைக்கே அந்த நிறுவனத்துக்கு போன் போட்டோம். நான் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பாடநெறி எந்த என்.வி.கியூ மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றது, அங்கீகாரம் எது வரைக்கும் செல்லும்? எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் "நாங்க பதிவு செய்த நிறுவனம் சார்" என்றார். திரும்பக் கேட்டேன். "முடிச்ச பிறகு விரும்பினா என்.வி.கியூ பரீட்சைக்கும் போகலாம்" என்றார். அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது: அந்த 8 மாதமும் என்.வி.கியூ-வில் சேராது, அதற்குத் தனியாகப் போக வேண்டும் என்பதுதான் அதன் பொருள். யாருடைய வாக்கையும் நம்பத் தேவையில்லை, tvec.gov.lk என்ற ஆணைக்குழுவின் தளத்திலேயே எந்த நிறுவனம் பதிவு, எந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றது என்று பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள், தேடியும் தெளிவில்லை என்றால் ஆணைக்குழுவுக்கே போன் செய்து கேளுங்கள்.

சரி, அங்கீகாரம் உள்ள என்.வி.கியூ 4 எலக்ட்ரீஷியன் பாடநெறி என்றால் உள்ளே என்ன நடக்கும்? கொழும்பில் மருதானை டெக் (1893-லிருந்து இருக்கிற இடம்), நாரஹேன்பிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழில் பழகுநர் பயிற்சி நடத்துகிற நைட்டா, இளைஞர் சேவை மன்றம் என்று அரசாங்கப் பக்கத்தில் பல வழிகள் உண்டு. கட்டணம் குறைவு அல்லது இல்லை. பல பாடநெறிகளுக்கு ஓ/எல் எழுதியிருந்தால் போதும், சிலவற்றுக்குக் கணிதம் கேட்பார்கள். காலம் நிலையத்துக்கு நிலையம் வித்தியாசப்படும். ஏறக்குறைய ஒரு வருடம் பட்டறையும் வகுப்பும், அப்புறம் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் களப்பயிற்சி (எல்லோரும் ஓ.ஜே.டி என்றுதான் சொல்வார்கள்) என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் வருவது எழுத்துப் பரீட்சை மட்டும் இல்லை. ஆணைக்குழுவிடம் அனுமதி பெற்ற மதிப்பீட்டாளர் வந்து, ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, நீங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். பலகையில் பிரேக்கர்கள் இருக்கிற ஒரு டி.பி பெட்டி, ட்ரிப் சுவிட்ச், இரண்டு பக்கம் போடுகிற படிக்கட்டு விளக்கு, ஒரு 13 ஆம்ப்ஸ் பிளக் சர்க்கிட் என்று வயர் பண்ணச் சொல்வது வழக்கமான மாதிரி. பையன்கள் வயர் இழுப்பதில் தோற்பதில்லை, அதைத் தினமும் செய்து கை பழகியிருக்கும். தோற்பது சோதிக்கும்போது. கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் காப்பு அளக்கிற மீட்டரான மெகரை 500 வோல்ட்டில் வைத்து லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் காப்புத் தடை பார்க்க வேண்டும், குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், நல்ல புது வயரிங் என்றால் அதைவிட எவ்வளவோ கூடக் காட்டும். ஒருவன் பல்பைக் கழற்றாமலே லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் மெகரைப் பிடிப்பான், ரீடிங் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழும், வயரில்தான் பிழை என்று நினைத்து சரியாகச் செய்ததையெல்லாம் பிரித்துப் போடுவான். இன்னொருவன் ஏதோ ஒரு பெட்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒட்ட விட்டிருப்பான், மெகரையும் ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டான். சுவிட்சைப் போட்டதும் எல்லாம் சரியாக இருப்பது போல இருக்கும், அயன் பாக்ஸ் மாதிரி ஏதாவது லோட் கொடுத்த உடனே ட்ரிப் சுவிட்ச் விழும், ஏனென்றால் திரும்பி வரவேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய்விடுகிறது, அந்த 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசத்தைத்தான் அது பிடிக்கிறது. மதிப்பீட்டாளர் கேட்பது 'ஏன் விழுந்தது, எங்கே தேடுவாய்' என்பதைத்தான். பதில் தெரிந்தவனுக்குத்தான் 4.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. தகைமை என்பது பல அலகுகள் சேர்ந்த ஒரு பொதி. சில அலகுகளில் தேறி சிலவற்றில் தேறாவிட்டால் முழுச் சான்றிதழ் வராது, தேறிய அலகுகளைக் காட்டும் அடைவுப் பதிவு ஒன்றுதான் வரும். அதையும் லேமினேட் பண்ணிக் கொண்டு திரிகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், தங்களிடம் 4 இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள். விடுபட்ட அலகுகளுக்கு மறுபடி மதிப்பீட்டுக்கு நின்று முடிக்க வேண்டும்.

இனி டிப்ளோமாக்காரரின் வேலைக்கு வருவோம். வித்தியாசம் வேலையின் உயரத்தில் இல்லை, வேலையின் வகையில் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு புது அடுக்குமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் குளியலறையில் 4.5 கிலோவாட் ஹாட் வாட்டர் ஷவர் பூட்ட வேண்டும். 4500-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19.6 ஆம்ப்ஸ். ஆகவே பிளக் சர்க்கிட்டில் இருந்து கிளை எடுக்கக் கூடாது, டி.பி-யில் இருந்து தனி சர்க்கிட், 4 சதுர மில்லிமீட்டர் கேபிள், 25 ஆம்ப்ஸ் பிரேக்கர் என்று போடுவது என்.வி.கியூ 4 எலக்ட்ரீஷியனின் வேலை. அதை அவர் யாரையும் கேட்காமல் செய்ய வேண்டும். ஆனால் அதே கட்டடத்தில் 48 வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்கு 10 கிலோவாட் என்றால் 480 கிலோவாட் வருகிறது, அத்தனைக்கும் பிரதான கேபிளும் டிரான்ஸ்போமரும் கேட்க வேண்டுமா? 48 வீட்டுக்காரரும் ஒரே நிமிடத்தில் ஷவரையும் ஏசியையும் அயனையும் போடப்போவதில்லை. எவ்வளவு பங்கு ஒரே நேரத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டு, மேலே ஏறும் கேபிளின் நீளத்துக்கு வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று பார்த்து, ஷார்ட் ஆனால் எந்த பிரேக்கர் முதலில் விழ வேண்டும் என்று தீர்மானித்து, படம் வரைந்து, ஆட்களைப் பிரித்து வேலை வாங்குவது டிப்ளோமா படித்தவரின் வேலை. கணக்கும் ஆங்கிலமும் அங்கே தினமும் வேண்டும். சைட் சுப்பர்வைசர், அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போன்ற பதவிகள் கேட்பதும் இந்த மட்டத்தைத்தான், 4-ஐ வைத்து அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

இப்போது காலக் கணக்கு. அக்காவின் மகனுக்கு அப்போது 16 முடிந்திருந்தது. ஏ/எல் வழியாக என்.டி.டி என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் ஏ/எல், பெறுபேறு வரவும் அனுமதி கிடைக்கவும் காத்திருப்பு, அப்புறம் 3 வருடம், அதில் ஒரு வருடம் கைத்தொழில் பயிற்சி. எல்லாம் தடங்கல் இல்லாமல் போனால் 22, 23 வயது. என்.வி.கியூ 4 வழியில் 18 வயதில் வேலைக்குப் போகலாம். ஒரு வருடம் வேலை செய்து, 19-ல் 5-க்குச் சேர்ந்தால், அதுவும் களப்பயிற்சியோடு ஒன்றரை வருடம் அளவில் முடியும் என்று வைத்தாலும் 21-க்குள் கையில் ஒரு தேசிய டிப்ளோமாவும் கொஞ்சம் அனுபவமும் இருக்கும். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவனுக்கு 4-ல் தொடங்குவதால் டிப்ளோமா கை நழுவிப் போகவில்லை, அதை நோக்கித்தான் போகிறான். என் தீர்ப்பு அதுதான், தயக்கம் இல்லாமல் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 4 எடுத்துவிட்டு வேலைக்குப் போன பையன்களில் நிறையப் பேர் 5-க்குத் திரும்பி வருவதில்லை. நாட்கூலி கையில் வர ஆரம்பித்ததும் வீட்டில் அதை நம்பி ஒரு செலவு தொடங்கிவிடுகிறது, தங்கச்சியின் டியூஷனோ கடன் தவணையோ, வகுப்புக்குப் போனால் அந்த நாட்களின் கூலி போய்விடும். அதோடு ஓ/எல் கணிதத்தில் தடுமாறியவன் 5-ல் நன்றாகவே தடுமாறுவான், பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வேறு. கணிதத்தில் ஏ எடுத்த, வீட்டில் நாலைந்து வருடம் பொறுக்கக்கூடிய பிள்ளை என்றால் நான் ஏ/எல் கணிதப் பிரிவுக்குத்தான் போகச் சொல்வேன். அந்தப் பிள்ளைக்கு என்.டி.டி தருகிற அடித்தளம் 5-ஐ விட ஆழமானது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் தமிழ் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பட்டறைகள் பல சிங்களத்தில்தான் நடக்கின்றன. தமிழ் மொழியில் விண்ணப்பப் படிவம் இருப்பதால் தமிழில் வகுப்பு இருக்கும் என்று அர்த்தமில்லை. சேருவதற்கு முன்னால் நேரில் போய், போதனாசிரியர் எந்த மொழியில் நடத்துகிறார், மதிப்பீட்டுக்கு எந்த மொழியில் பதில் சொல்லலாம் என்று கேளுங்கள். பேச்சுச் சிங்களம் தெரிந்த பையன் பட்டறையில் சமாளித்துவிடுவான், மதிப்பீட்டாளர் 'ஏன்' என்று கேட்கும்போதுதான் வார்த்தை வராமல் நிற்பான், வேலை தெரிந்தும் தோற்பது அப்படித்தான். ஒவ்வொரு சோதனையின் காரணத்தையும் இரண்டு மொழியிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

ஏற்கனவே ஒரு பாஸோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற பையனுக்கு வேறொரு வழி இருக்கிறது, நான் போன வழி. முன்கற்றலை அங்கீகரித்தல், பேச்சில் ஆர்.பி.எல். வகுப்பில் உட்கார வேண்டாம், செய்த வேலைகளின் ஆதாரத்தைக் கொண்டுபோய் நேராக மதிப்பீட்டுக்கு நிற்கலாம், நைட்டா இதை நடத்துகிறது. ஆதாரம் என்றால் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், நாமே வரைந்த சர்க்கிட் படங்கள். நான் மெகரைக் கையால் தொடாமலே பல வருடம் வீடு வயரிங் செய்தவன், மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றை இரவல் வாங்கி இரண்டு கிழமை என் வீட்டிலேயே பழகினேன். ஆர்.பி.எல்-இல் கிடைக்கிற 4-உம் வகுப்பில் கிடைக்கிற 4-உம் ஒரே தகைமைதான். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இது முக்கியம், ஆனால் சவூதி மாதிரி நாடுகள் சில தொழில்களுக்குத் தாங்களே தனியாக ஒரு திறன் பரீட்சை வைக்கின்றன, என்.வி.கியூ இருந்தாலும் அதற்கும் உட்கார வேண்டி வரலாம்.

அக்காவின் மகன் அங்கீகாரம் உள்ள ஒரு 4-ல் சேர்ந்தான். இப்போது களப்பயிற்சியில் நாலாவது மாதம், கம்பெனி பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று கிழமையாக 'கொண்டூட் பைப் அடித்தேன்' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. இது களப்பயிற்சியில் வழக்கமாக நடப்பதுதான், புதுப் பையனைச் சுவர் வெட்டவும் பைப் அடிக்கவுமே வைத்திருப்பார்கள், ஆறு மாதம் முடியும்போது டி.பி-யைத் திறந்தே பார்த்திருக்க மாட்டான். நாளைக்கே சுப்பர்வைசரிடம் போய், எனக்கு டி.பி கனெக்ஷனும் டெஸ்டிங்கும் பழக இரண்டு கிழமை தாங்க அண்ணே என்று கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான், வருகிற திங்கள் முதல் டெஸ்டிங் ஆட்களோடு போகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு பின்னேரம் கணிதத்துக்கும் போக ஆரம்பித்திருக்கிறான், இப்போதைக்கு பின்னங்களில் நிற்கிறான்.